டாலர் ரேட்: சார்ட்டைப் பார்க்காதீங்க, காஸ்டிங்கைப் பாருங்க

"டாலர் இன்னும் ஏறும்னு சார்ட் காட்டுது, ஃபார்வர்டை அப்புறம் போட்டுக்கலாம்." எக்ஸ்போர்ட் பண்ற உங்க ஃப்ரெண்ட் இப்படிச் சொன்னா, 2013-ஐ ஞாபகப்படுத்துங்க.

அந்த வருஷம் ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. சார்ட் பார்த்தவங்களுக்கு அடுத்தது 70தான். உதாரணத்துக்கு ஒரு திருப்பூர் பனியன் யூனிட்டை எடுத்துக்குவோம். கையில 50,000 டாலர் ஆர்டர். காஸ்டிங் போட்டது 60 ரூபாய்க்கு. பணம் அக்டோபர்ல வரும். அன்னைக்கே பேங்க்ல ஃபார்வர்டு போட்டிருந்தா 68 ரூபாயாவது உறுதி. 70-க்காகக் காத்திருந்தா? அக்டோபர்ல டாலர் 62-க்குப் பக்கத்துல இறங்கிடுச்சு. டாலருக்கு 6 ரூபாய், மொத்தம் 3 லட்சம் போச்சு.

இன்னொண்ணு, சார்ட்ல தெரியறது ஸ்பாட் ரேட் மட்டும்தான். நம்ம வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமா இருக்கும்போது, ஃபார்வர்டு ரேட்ல பிரீமியம் சேரும். எக்ஸ்போர்ட்டருக்கு அது வரவு, இம்போர்ட்டருக்குச் செலவு.

அதனால எப்போ போடணும்னு காஸ்டிங் ரேட்தான் முடிவு பண்ணணும். ஃபார்வர்டு ரேட் அதைத் தாண்டியிருந்தா, ஆர்டர் உறுதியான அன்னைக்கே பாதிக்குப் போடலாம். மீதியை ஷிப்மென்ட் சமயத்துல. முழுசுக்கும் போட்ட பிறகு பையர் ஆர்டரை கேன்சல் பண்ணினா, ஃபார்வர்டையும் கேன்சல் பண்ணணும். அதுக்குள்ள டாலர் ஏறியிருந்தா, வித்தியாசத்தை பேங்குக்குக் கட்டியாகணும்.

சார்ட்டோட வர்ற ஃப்ரெண்டுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "காஸ்டிங் எந்த ரேட்ல போட்டிருக்க?"