அவர் சொன்னது அவர் சொன்னதாகவே இருக்கட்டும்

நேர்காணலை எழுதும்போது, பேசியவரின் சொற்களைத் திருத்தி அழகுபடுத்துவது பிழை என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய பிழை, சுருக்குகிறோம் என்று எண்ணி அவர் கருத்தையே மாற்றிவிடுவது. இவ்விரண்டையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம்.

மும்பையின் தாராவியில் இட்லி அவித்து விற்கும் அம்மையார் ஒருவரை ஒரு மாணவி பேட்டி கண்டாள் என்று கொள்வோம். அரைமணி நேரப் பேச்சை எழுதி முடித்தபோது பத்துப் பக்கங்கள் வந்தன. பள்ளி இதழில் அவளுக்குக் கிடைத்த இடமோ அரைப் பக்கம். அதில் மூன்று மேற்கோள்களும் ஒரு சிறு அறிமுகப் பத்தியும் மட்டுமே அடங்கும்.

அவள் முதலில் பத்துப் பக்கங்களையும் இரு நிறப் பென்சில்களோடு படித்தாள். யார் சொன்னாலும் ஒன்றுபோலவே இருக்கும் செய்திகளை நீலத்தால் கோடிட்டாள். “1991-ல வந்தோம்”, “மூணு பிள்ளைங்க”, “தினம் அறுநூறு இட்லி” என்பன அவ்வகை. இவை அறிமுகப் பத்திக்கு உரியவை. அந்த அம்மையார் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியங்களைச் சிவப்பால் கோடிட்டாள். மேற்கோள்கள் இவற்றிலிருந்தே வர வேண்டும்.

சிவப்புக் கோடுகள் பதினொன்று இருந்தன. ஒவ்வொரு மேற்கோளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும் என்று கருதி, மூன்றைத் தேர்ந்தாள். முதலாவது ஒரு நிகழ்ச்சி: “மொத நாள் நூறு இட்லி அவிச்சேன். நாப்பதுதான் வித்துச்சு. மிச்சத்த யாருக்குக் குடுக்கன்னு தெரியாம அழுதேன்.” இரண்டாவது தொழில் அறிவு: “குளிரு நாள்ல மாவு லேசுல பொங்காது. ராத்திரி ஒரு தடவ எந்திரிச்சுப் பாக்கணும், கைப்பிள்ளையப் பாக்குற மாதிரி.” மூன்றாவது அவருடைய மனம். அங்கேதான் மாணவி தவறினாள். அவள் எழுதியது இது: “ஊருக்கே திரும்பிப் போயிரலாம்னு பல நாள் நெனச்சிருக்கேன்.”

அச்சொற்களை அம்மையார் சொன்னது உண்மையே. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. “ஆனா பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாதான் எம்பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளத்தா. அவள விட்டுட்டு எங்க போக?” என்று தொடர்ந்தார். பின்பாதியை நீக்கியதும், நன்றியோடு பேசியவர் மனக்குறையோடு பேசியவராக மாறிவிட்டார். அந்த அண்டை வீட்டுப் பெண்மணி இதழைக் கண்டால் என்ன எண்ணுவார்? எனவே, ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ போன்ற சொற்களுக்கு முன்னால் வெட்டாதீர்கள். இடம் போதவில்லையெனில் முன்பாதியை நீக்கலாம். இடையில் விட்ட சொற்களுக்கு மூன்று புள்ளிகள் இடலாம். வேறு வேறு வினாக்களுக்கு அளித்த விடைகளை ஒரே மேற்கோளாக ஒட்டுவது கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. “மிகவும் துன்பப்பட்டீர்களா?” என்று மாணவி கேட்டாள். “ஆமா” என்றார் அவர். ‘நான் மிகவும் துன்பப்பட்டேன்’ என்று அவர் வாயில் சொற்களை வைக்க நமக்கு உரிமையில்லை. அவை கேட்டவளின் சொற்கள்.

அச்சில் வருவது செந்தமிழாக இருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுவர். அறிமுகப் பத்திக்கு அது பொருந்தும், ஏனெனில் அங்கே பேசுவது நாம். மேற்கோளில் பேசுவது அவர். ‘நாப்பதுதான் வித்துச்சு’ என்பதை ‘நாற்பது மட்டுமே விற்பனையாயின’ என்று திருத்தினால், அந்த வாக்கியத்தில் அவர் இருக்கமாட்டார். வீட்டில் பாட்டி பேசும் தமிழ் அது. ‘வந்து’, ‘இந்த’ என்று தயங்கி நின்ற இடங்களை மட்டும் நீக்கலாம்.

இறுதியில் மாணவி எழுதிய பத்தி இது: ‘திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1991ஆம் ஆண்டு தாராவிக்கு வந்தவர் இவர். நாள்தோறும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அறுநூறு இட்லிகள் அவிக்கிறார். கணவர் அவற்றைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்று விற்கிறார். இவ்வருமானத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த இவர், இப்போது மூத்த மகளுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுத்து வருகிறார்.’

‘உழைப்பின் சிகரம்’ போன்ற புகழுரை இதில் இல்லை. மேற்கோளில் உள்ள எதுவும் இங்கே மீண்டும் வரவில்லை. அவர் உழைப்பாளி என்பதை மூன்று மணியும் அறுநூறு இட்லியும் சொல்லிவிடுகின்றன.

அச்சுக்கு அனுப்புமுன் மாணவி, திருத்திய மூன்றாம் மேற்கோளை அம்மையாரிடம் படித்துக் காட்டினாள். “ஆமா, இதத்தான் சொன்னேன்” என்றார் அவர். சுருக்கம் சரியா என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.