விற்பவர் எழுதும் ஒப்பீடு



பெரியநீலாவணையில் கைத்தறிச் சாரம் நெய்து விற்கும் சகோதரி ஒருவர், "கைத்தறிச் சாரமா, மில் சாரமா?" என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரையொன்றை எழுதி, அச்சிடக் கொடுக்கும் முன் திருத்தித் தரும்படி என்னிடம் தந்தார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். இரண்டு தறிகளின் வருமானத்திலேயே மூன்று பிள்ளைகளும் படிக்கின்றனர். "மில் சாரம் பாதி விலைக்குக் கிடைக்குதே, உங்கடது மட்டும் ஏன் இந்த விலை?" என்று வாங்க வருவோர் எல்லோரும் கேட்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்லிக் களைத்துப்போய், எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நல்ல யோசனைதான்.

கட்டுரையின் முதல் வரி இப்படியிருந்தது: "மில் சாரம் மூன்று மாதத்தில் கிழியும், சாயம் போகும், உடம்புக்குக் கேடு. எங்கள் சாரம் ஒருபோதும் சாயம் போகாது, சுருங்காது."

ஒவ்வொரு கூற்றின் அடியிலும் பென்சிலால் கோடிட்டு, "இதை வாங்குபவரின் கண் முன்னால் செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு போனோம். மில் சாரம் கிழியும் என்பது நிற்கவில்லை. பொலியெஸ்டர் நூல் கலந்த துணி தேய்மானத்தை நன்றாகவே தாங்கும். பல வருடம் உடுத்தியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உடம்புக்குக் கேடு என்பதற்கும் சான்று இல்லை. வெயில் நேரத்தில் பருத்தி வியர்வையை உறிஞ்சும், பொலியெஸ்டர் அவ்வளவாக உறிஞ்சாது என்பதே உண்மை. அதை மட்டும் எழுதினோம்.

அடுத்து அவருடைய சாரத்தையே சோதித்தோம். எதிராளியின் சரக்கை எந்தச் சோதனைக்கு உட்படுத்துகிறோமோ அதே சோதனைக்கு நமது சரக்கையும் உட்படுத்தாவிட்டால் அது ஒப்பீடு ஆகாது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டு சாரங்களிலும் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தோம். மில் சாரத்தில் எதுவும் ஒட்டவில்லை. அவருடைய நீலச் சாரத்திலும் ஒட்டவில்லை. ஆனால் கடும் சிவப்புச் சாரம் வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்பாக ஒட்டியது. சாயமிட்ட நூலைச் சவர்க்கார நீரில் போதிய அளவு அலசாவிட்டால், நூலைப் பற்றாத மிச்சச் சாயம் இப்படி வெளியேறும். பிறகு சாரங்களின் சுற்றளவை அளந்து, கழுவிக் காயவைத்து மறுபடியும் அளந்தோம். கைத்தறிச் சாரம் இரண்டு அங்குலம் சுருங்கியிருந்தது; பருத்தி என்றால் சுருங்கத்தான் செய்யும். மற்றது அப்படியே இருந்தது.

சகோதரியின் முகம் வாடிவிட்டது. "ராத்தா, மில் சாரத்திட நல்லதெல்லாம் நானே எழுதினா, என்ட சாரத்தை யாரு வாங்குவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தத் துண்டை வாசிக்கப்போகிறவர் மில் சாரத்தை அறியாதவர் அல்லர். அநேகமாக அவர் வீட்டுக் கொடியிலேயே ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். அது சுருக்கில் உலர்வதும் கசங்காமல் இருப்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்த விடயத்தை நாம் மறைத்தால், தெரியாத விடயத்தில் நம்மை நம்பமாட்டார். ஆகவே எதிராளியின் நல்லதை முதலில் சொல்லி, நம்முடையதை அதன் பின்னால் வைத்தோம். திருத்திய பகுதி இது:

"நான் நெசவாளி. எனது சாரத்தை விற்பதற்காகவே இதை எழுதுகிறேன். மில் சாரம் விலை குறைவு, விரைவில் காயும், இஸ்திரி தேவையில்லை. கடலுக்குப் போகிறவர், மழை நாளில் மாற்றி உடுத்த வேண்டியவர் அதை வாங்குவது சரிதான். பகல் முழுவதும் வெயிலில் நடப்பவருக்கும், இரவில் மின்விசிறி இல்லாமல் படுப்பவருக்கும் பருத்திச் சாரம் சுகம். எனது சாரம் முதல் கழுவலில் இரண்டு அங்குலம் வரை சுருங்கும். அதற்கென்றே சற்றுக் கூட்டி நெய்கிறேன். கடும் சிவப்பை முதல் இரண்டு தடவை தனியாகக் கழுவுங்கள்."

சுருங்கும் என்ற குறை, 'கூட்டி நெய்கிறேன்' என்ற சொல்லுக்கு இடம் கொடுத்ததைக் கவனியுங்கள். அது வெறும் சொல்லாக நிற்காமல், அன்றிலிருந்து அவர் உண்மையாகவே இரண்டு அங்குலம் கூட்டித்தான் நெய்கிறார்.

ஒப்பிட எடுத்த சாரமும் பிழை. சந்தையில் ஆகக் குறைந்த விலை மில் சாரத்தை, தனது ஆக உயர்ந்த நயச் சாரத்தோடு ஒப்பிட்டிருந்தார். மில்லிலும் முழுப் பருத்திச் சாரம் நெய்கிறார்கள். அதைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றேன். வைத்தபோது விலை வித்தியாசம் பாதியிலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. 'ஏன் இந்த விலை?' என்ற கேள்விக்கு இதுவே ஆகச் சிறந்த பதிலாயிற்று. நேர்மைக்காகச் செய்த திருத்தம்தான் அவருக்கு அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

நான் முற்றாக வெட்டியது ஒரு வரி: "சந்தியடிச் சிவப்புப் பலகைக் கடையில் மில் சாரத்தைக் கைத்தறி என்று விற்கிறார்கள்." பெயர் போடவில்லையே என்றார். இந்தியாவில் இதுபோல ஒரு வழக்கு நடந்தது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் உஜாலாவின் விளம்பரத்தில் பெயரில்லாத ஒரு நீலப் போத்தல் காட்டப்பட்டது. அதன் வடிவமும் பத்து ரூபாய் விலையும் ரொபின் புளூவைக் காட்டிக்கொடுத்தன. தன் சரக்கை உயர்த்திப் பேசலாம், ஒப்பிடலாம், பிறர் சரக்கைக் கெட்டது என்று சொல்லக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் சரக்கே சிறந்தது என்பது பொய்யானாலும் சொல்லலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதில் எனக்கு உடன்பாடில்லை. நமது நாட்டிலோ 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் சரக்கைப் பற்றிப் பொய்யாகக் கூறுவதையும் தடுக்கிறது. சிறு வியாபாரிக்கும் அது பொருந்தும்.

கடையைச் சாடுவதற்குப் பதிலாக, வாங்குபவர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனையொன்றை எழுதினோம். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், பருத்தி கடதாசிபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டிமணியாகும். இது நூலைத்தான் காட்டும், தறியைக் காட்டாது என்பதையும் சேர்த்தோம். கரையிலுள்ள ஊசித் துளைகளை வைத்துக் கைத்தறியை அறியலாம் என்று பலர் சொல்வார்கள். அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் ஊசிக்கருவி விசைத்தறியிலும் உண்டு. ஆகவே அதை நாங்கள் எழுதவில்லை.

கடைசிப் பந்தி யுத்தத்தையும், 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையில் கொண்டுபோனவற்றையும் பற்றியது. சொல்லக்கூடாத கதையல்ல. ஆனால் மில் சாரம் விற்கும் பெண்ணும் அதே அலையில் வீடிழந்தவராக இருக்கலாம். துணியின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ஒப்பீட்டிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் 'நெய்பவர்' என்ற தலைப்பில் நான்கு வரியாக வைத்தோம். விலைகளின் கீழே அவை விசாரித்த திகதியையும் போட்டோம். நூறு பிரதி மட்டும் அடிக்கச் சொன்னேன்; மில் சாரத்தின் விலை மாறினால் மறுபடியும் திருத்த வேண்டிவரும்.