பூட்டு பெயருக்குத்தான்

வெளிநாட்டுக் காசில வீடு எழும்புற எங்கட ஊரில, பிளான் கீறுற எல்லாரையும் 'ஆர்க்கிடெக்ட்' எண்டுதான் சொல்லுறம். ஆனால் அது சட்டம் காக்கிற பெயர். இலங்கையில் கட்டடக் கலைஞர் நிறுவகத்துக்கான சட்டம் 1976இல் வந்தது. பதிவுச் சபை 1996இன் திருத்தத்தோடு வந்தது. பட்டம், பயிற்சி, தொழில்முறைப் பரீட்சை எல்லாம் தாண்டித்தான் பதிவு.

அப்ப, பதியாதவர் பிளான் கீறக் கூடாதோ? இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நொய்டா அதிகாரசபையில், கட்டடக்கலைப் பட்டமில்லாத ஒருவரின் பதவி உயர்வு பற்றிய வழக்கு. 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: 1972ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரைத்தான், வேலையை அல்ல. பதியாதவரும் வடிவமைக்கலாம், ஆனால் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர் போடக் கூடாது. அந்தப் பெயருள்ள பதவிக்கும் பட்டமில்லாதவரை எடுக்கக் கூடாது.

இந்தப் பிரிப்பு எங்களுக்கு நியாயமாகப் படுகுது. பிளான் கீறுற அண்ணையின்ர அனுபவத்தை நாங்கள் குறைச்சுச் சொல்லேல்லை. அவர் 'படவரைஞர்' எண்டே போர்டில எழுதட்டும். ஆர்க்கிடெக்ட் எண்டு கட்டணம் கேட்டால் மட்டும், பதிவைக் காட்டச் சொல்லுவம்.

ஆனால் பெயரைப் பூட்டினால் வழியையும் திறக்கவேணும். எங்கட பிள்ளை அந்தப் பட்டத்துக்கு மொரட்டுவைக்குப் போறதெண்டால், உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் இருக்கு. அதுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஆயத்தப்படுத்த வேண்டாமோ?