டாங்கிகளை நிறுத்திய மசகு

இரண்டாம் உலகப்போரில் ரயில் நாசவேலை என்றாலே பாலம் தூள்தூளாகி இன்ஜின் ஆற்றுக்குள் பாயும் காட்சிதான் நம் கண்முன் வருகிறது. பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்களைப் பற்றி 1946இல் ரெனே கிளெமான் எடுத்த படத்திலும் பலர் நினைவில் நிற்பது கவிழும் ரயில்தான். என்னைக் கேட்டால், அந்தப் போரின் மிகச் சிறந்த ரயில் நாசவேலையில் சத்தமே இல்லை. அது பிரான்சின் தெற்கே, மோந்தோபான் என்ற ஊரில் நடந்தது.

1944 வசந்தத்தில் தாஸ் ரைஷ் என்ற ஜெர்மன் எஸ்.எஸ். டாங்கிப் படைப்பிரிவு அந்த வட்டாரத்தில் தங்கியிருந்தது. நேச நாடுகள் வடக்கே கரையிறங்கினால் சுமார் 700 கிலோமீட்டர் தாண்டி நார்மண்டிக்கு அது விரைய வேண்டும். டாங்கியை அவ்வளவு தூரம் சாலையில் ஓட்ட முடியாது. சங்கிலிப் பட்டை தேயும், இன்ஜின் படுத்துவிடும், எரிபொருள் போதாது. ஆகவே ரயில்தான் வழி. அதிலும் அந்த எடையைத் தாங்கும் தட்டை வேகன்கள் குறைவு. அவற்றைத்தான் ஜெர்மானியர் பக்கத்துக் கிளைப்பாதைகளில் பிரித்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தண்டவாளத்தை வெடிவைத்துப் பிளந்தால், புதுத் துண்டு போட்டுச் சில மணி நேரத்தில் ரயிலை விட்டுவிடுவார்கள். வேகன் கெட்டால் அப்படிச் செய்ய முடியாது. அந்தக் கால வேகனில் சக்கர அச்சின் முனை ஓர் இரும்புப் பெட்டிக்குள், எண்ணெயில் ஊறிய உலோகத் தாங்கியின் அடியில் சுழலும். முழுப் பாரமும் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான். எண்ணெயை வடித்துவிட்டு, அராவும் பொடி கலந்த மசகை அங்கே அடைத்தால் என்ன ஆகும்? நிற்கும்போது எதுவும் தெரியாது. கண்ணுக்கு நன்றாக மசகு போட்ட வேகன்தான். ஓடத் தொடங்கியதும் பொடி அச்சை அறுக்கும், சூடேறும், கடைசியில் இறுகி நின்றுவிடும். நம் ரயில்வேக்காரர்கள் 'ஹாட் ஆக்சில்' என்று பயப்படுவார்களே, அதை வேண்டுமென்றே வரவழைப்பது.

இந்த மசகு பிரிட்டனின் ரகசிய அமைப்பு ஒன்றின் ஏற்பாடு. அதன் ஆள் டோனி புரூக்ஸ். 1942இல் பாராசூட்டில் இறங்கியபோது அவருக்கு வயது 20. தன் 'பிமெண்டோ' வலையை அவர் பெரும்பாலும் ரயில்வே தொழிற்சங்கத்தினரைக் கொண்டே கட்டினார். இங்கேதான் உளவும் நாசவேலையும் ஒன்றாகின்றன. எந்த வேகன் எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தனி ஒற்றன் தேவையில்லை. அவற்றை அங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியவர்களுக்கே தெரியும். மசகு மாற்றியவர்களில் இரண்டு சகோதரிகளும் உண்டு. மூத்தவளுக்கு வயது 16. இரவில் சைக்கிளில் போய்ச் செய்தார்கள்.

ஜூன் 6 கரையிறக்கம் நடந்தது. டாங்கிகளை ஏற்ற வேண்டிய நேரத்தில் வேகன்கள் முடங்கின. மாற்று வேகன்களைத் தொலைவிலிருந்து தேட வேண்டியதாயிற்று. டாங்கிகள் சாலையில் புறப்பட்டன, வழியெல்லாம் பழுதாகி நின்றன. மூன்று நாள் பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தத் தாமதம் முழுவதையும் மசகின் கணக்கில் எழுதுவது சரியல்ல. விமானத் தாக்குதல் இருந்தது, சாலைகளில் கெரில்லாக்கள் இருந்தார்கள், வழியில் அவர்களை வேட்டையாட ஜெர்மன் தலைமையே அந்தப் படைக்கு உத்தரவிட்டது. ஆனால் முதல் அடி வேகனில் விழுந்தது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. இப்படியெல்லாம் சீண்டியதால்தானே துல் நகரில் ஜூன் 9 அன்று 99 பேரைத் தூக்கிலிட்டார்கள், மறுநாள் ஒரதூர்-சுர்-கிளான் கிராமத்தில் 640க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் இரண்டையும் பிரித்தே பார்க்கிறேன். துல்லில் கெரில்லாக்கள் நகரத்தையே தாக்கிப் பிடித்தார்கள், ஆனால் படை வந்தபோது மக்களைக் காக்கும் பலம் அவர்களிடம் இல்லை. அந்த அவசரத்தை நான் குறை சொல்வேன். மசகு போட்டவர்கள் அப்படி எந்த ஊரையும் பழிவாங்கலுக்கு முன்னால் நிறுத்தவில்லை. அச்சு இறுகும் நேரத்தில், அதை யார் எந்த இரவில் தொட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். துல்லுக்கும் ஒரதூருக்கும் போன துருப்புகள் ரயிலுக்காகக் காத்திருந்த டாங்கிகளோடு இருந்தவர்கள் அல்லர். லாரிகளிலும் கவச வண்டிகளிலும் வந்தவர்கள். வேகன்கள் நன்றாக ஓடியிருந்தாலும் அவர்கள் அந்தச் சாலைகளில்தான் வடக்கே போயிருப்பார்கள்.