வாசிக்கும் நேரம், ரஃப் ஒர்க், கூடுதல் தாள்: ஒரு சொல்லின் மயக்கம்

பொதுத்தேர்வு வினாத்தாள்களின் முகப்பில் அச்சிடப்படும் அறிவுறுத்தல்களை மொழியியல் மாணவன் என்ற முறையில் சில நாள்களாக வாசித்து வருகிறேன். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே ஒப்பிட விரும்புகிறேன்.

சிபிஎஸ்இ வினாத்தாள் சொல்வதன் சாரம் இது: வினாத்தாள் 10.15 மணிக்கு வழங்கப்படும், 10.30 வரை தேர்வர்கள் அதனை வாசிக்க மட்டுமே செய்வர். அந்நேரத்தில் விடைத்தாளில் எந்த விடையையும் எழுத மாட்டார்கள். ஐஎஸ்சி வினாத்தாளிலும் வாசிப்பதற்கென 15 நிமிடங்கள் உண்டு. ஆனால் அது சொல்வது, அந்நேரத்தில் எழுதத் தொடங்கவே கூடாது என்பது. முன்னது விலக்குவது விடையை. அதுவும் விடைத்தாளில் எழுதுவதை. பின்னது விலக்குவது எழுதுதல் என்ற செயலையே. முதல் வாக்கியத்தின் இலக்கணப்படி, வினாத்தாளில் ஒரு சொல்லை அடிக்கோடிடுவது விதிமீறல் ஆகாது. ஆயினும் தேர்வறையில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: பேனாவைக் கீழே வை.

கண்காணிப்பாளரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு வினாத்தாளில் இடப்படும் குறிகள் அடுத்த இருக்கைக்கு எளிதில் தெரியும். குறியிட்ட தாளே கைமாறவும் கூடும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குரிய விலையை மாணவர் செலுத்துகிறார். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாளில் 38 வினாக்கள். அவற்றுள் ஐந்து மதிப்பெண் வினாக்கள் 32 முதல் 35 வரையிலான எண்களில் வருகின்றன. அவற்றுள் சிலவற்றில் 'அல்லது' என்ற தெரிவும் உண்டு. எந்தத் தெரிவை எடுப்பது என்று 10.25 மணிக்கு முடிவுசெய்த மாணவர், வரிசைப்படி எழுதிக்கொண்டு அந்த வினாவை அடையும்போது பகல் பன்னிரண்டைக் கடந்திருக்கலாம். முடிவு நினைவில் இருக்காது. மீண்டும் இரு வினாக்களையும் படிக்கிறார், மீண்டும் எடைபோடுகிறார். கொடுத்த நேரத்தின் ஒரு பகுதி இவ்வாறு இருமுறை செலவாகிறது.

எழுதுதல் என்றால் விடை எழுதுதல்தான் என்ற இதே மயக்கம் ரஃப் ஒர்க்கிலும் தொடர்கிறது. தனித்தாள்கள் கைமாறும் அபாயம் கொண்டவை. அதனால் ரஃப் ஒர்க்கை விடைத்தாளுக்குள்ளேயே செய்ய வைப்பது சரியான ஏற்பாடு. ஆனால் உள்ளே எங்கே? ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி கணிதத் தாள்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன: ரஃப் ஒர்க் உட்பட எல்லாச் செய்முறையும் விடை இருக்கும் அதே தாளில் இருத்தல் வேண்டும். ஆனால் பள்ளிகளில் பரவலாகப் பழக்கப்படுத்தப்படுவது வேறு: கடைசிப் பக்கத்தில் செய், முடித்ததும் குறுக்கே கோடிட்டு அடித்துவிடு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். அணி முறையில் தீர்க்க வேண்டிய சமன்பாட்டுத் தொகுதி இது:

x + y + z = 6
2x − y + z = 3
x + 2y − z = 2

அணிக்கோவையின் மதிப்பு 7. ஒன்பது இணைக்காரணிகளைக் கண்டு, சேர்ப்பு அணியை அமைத்தால் x = 1, y = 2, z = 3 எனக் கிடைக்கும். மாணவி ஒருத்தி ஒன்பது இணைக்காரணிகளையும் கடைசிப் பக்கத்தில் கணக்கிடுகிறாள் என்று கொள்வோம். இரண்டாம் வரிசை, மூன்றாம் நிரலுக்குரிய சிற்றணிக்கோவையை 1 × 2 − 1 × 1 = 1 என்று சரியாகவே காண்கிறாள். அங்கே குறியை மாற்றி −1 என எழுத வேண்டும்; விரைவில் மறந்துவிடுகிறாள். விடைப்பகுதியில் சேர்ப்பு அணியை மட்டும் எழுதுகிறாள். x, y இரண்டும் சரியாக வருகின்றன. Z மட்டும் 27/7 ஆகிறது. பின்னர் கடைசிப் பக்கத்தைக் கோடிட்டு அடித்துவிடுகிறாள்.

திருத்துபவர் காண்பது, ஓர் உறுப்பு பிழையான சேர்ப்பு அணியை மட்டுமே. அது எவ்வாறு வந்தது என்பதற்குச் சான்று அப்பக்கத்தில் இல்லை. படிநிலை மதிப்பெண் என்பது படிகள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே பொருள் பெறும். எட்டு இணைக்காரணிகள் சரி, ஒன்பதாவதில் குறி மட்டும் பிழை என்பது, அவள் தன் கையாலேயே அடித்த பக்கத்தில் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடிச்சென்று, அடிக்கப்பட்டதை வாசித்து மதிப்பெண் தரும் கடமை திருத்துபவருக்கு இருப்பதாக நான் கருதவில்லை. ஆகவே பிழை அவருடையதன்று. செய்முறையைக் கழிவென்று கற்பித்த பழக்கத்தினுடையது. திருத்தப்பட்ட விடைத்தாளைத் தேர்வர் பார்வையிட உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தி இவள் நகலைப் பெற்றாலும், வாதிடுவதற்கு அவளிடம் இருப்பது அடித்த பக்கமே.

கூடுதல் தாளின் சிக்கல் வேறு வகையானது. அதைக் கேட்க வேண்டும்; கண்காணிப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும்; விவரங்களை நிரப்ப வேண்டும்; முதன்மை விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சிபிஎஸ்இ விடைத்தாளின் முகப்பில் எத்தனை கூடுதல் தாள்கள் பயன்படுத்தப்பட்டன என்பதற்கு ஓர் இடம் உண்டு. அந்த எண்தான் கட்டு பிரிந்தால் தாள் காணாமற்போனதை உணர்த்தும் ஒரே தடயம். முதல் தாளை வாங்கியதும் '1' என நிரப்பிவிட்டு, இறுதி நிமிடங்களில் இரண்டாவது தாளை வாங்கியவர் அதைத் திருத்த மறந்தால், அந்தத் தடயமே அவருக்கு எதிராகப் பேசும். அடுத்த இடர், விடை பாதியில் முறிவது. பிரதான விடைத்தாளின் கடைசி வரியில் 'தொடர்ச்சி கூடுதல் தாளில்' என்ற குறிப்பும், கூடுதல் தாளின் முதல் வரியில் வினா எண்ணும் இல்லையென்றால், திருத்துபவர் விடை அங்கேயே முடிந்தது என்று கொள்வது இயல்பு.

ஆகவே என் கருத்து இதுதான். வாசிக்கும் நேரத்தில் வினா எண்ணை வட்டமிடுதல், 'அல்லது' தெரிவில் ஒன்றை அடித்தல் ஆகிய இரண்டை மட்டும் பென்சிலால் வினாத்தாளில் செய்யலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களின் பகுதியில் எந்தக் குறியும் கூடாது என்றும் அதே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ரஃப் ஒர்க் விடைக்கு அருகிலேயே அமைய வேண்டும், அடிக்கப்படக் கூடாது என்ற விதி எல்லா வாரியங்களுக்கும் பொதுவாக வேண்டும். கூடுதல் தாள்களின் எண்ணிக்கையைத் தேர்வு முடிவில், தாளைக் கட்டிய பிறகே நிரப்ப வேண்டும் என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே அச்சிட வேண்டும்.

அடிக்காத ரஃப் ஒர்க் திருத்துபவரின் சுமையைக் கூட்டும் என்றும், அதிலுள்ள எண் விடையோடு முரண்பட்டால் எதை ஏற்பது என்றும் கேட்கலாம். உண்மையான தடைதான். வலப்பக்கம் ஒரு கோடு இழுத்து, அதற்கு அப்பால் இருப்பது செய்முறை, இப்பால் இருப்பது விடை என்று வகுத்துவிட்டால் முரண்பாட்டில் விடைப்பகுதியே இறுதி எனக் கொள்ளலாம். செய்முறைப் பகுதியைப் பார்ப்பது விடை பிழையாகும் இடங்களில் மட்டுமே தேவைப்படும்.

விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்த ஆசிரிய நண்பர்கள், கோடிட்டு அடிக்கப்பட்ட செய்முறையை என்ன செய்தீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால் என் கருத்தைச் சரிபார்த்துக்கொள்ள உதவும்.