மழைக்கோட்டும் நண்பகல் நிழலும்

நிழற்படத்தில் ஒருவர் அணிந்திருக்கும் உடையை மாற்றுவது இந்நாளில் கணினி அறிந்த மாணவர்க்கும் எளிதாகிவிட்டது. மெல்லிய சட்டைக்குப் பதிலாகக் கம்பளிச் சட்டையோ, பாவாடையின் மேல் மழைக்கோட்டோ சில நிமிடங்களில் போட்டுவிடலாம். ஆனால், உடை மட்டும் மாரியைச் சொல்ல, சுற்றுப்புறம் கோடையைச் சொன்னால், பார்ப்பவர் கண் உடனே ஏதோ பிசகென்று உணர்ந்துவிடும். அந்தப் பிசகு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் ஆராய்வோம்.

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக இலவன்குளம் செல்லும் வீதி பெரும்பாலும் வடக்கு நோக்கியே செல்கிறது. அவ்வீதியோரத்தில் ஓகஸ்ட் 15 அன்று நண்பகலில் ஐந்தடி உயரமுள்ள ஒரு சிறுமியைப் படம் பிடித்ததாகக் கொள்வோம். அப்படத்தை நவம்பர் மாதத்து மழைநாளாக்க விரும்புகிறோம். ஆகவே அவளுக்கு மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று அணிவிக்கிறோம்.

முதலில் காலடியைப் பாருங்கள். ஓகஸ்ட் நடுவில் அவ்வூர் நண்பகலில் சூரியன் தலையுச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். சிறுமியின் நிழல் அரை அடி அளவில், தெற்குப் புறமாக விழும். நவம்பர் 15இல் சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடுவதால், அதே நேரத்து நிழல் சுமார் இரண்டரை அடி நீண்டு வடக்கே விழும். வீதியின் திசை தெரிந்த ஊரார் இதை எளிதிற் கண்டுகொள்வர். ஊர் அறியாதவர்க்கோ, மழைக்கோட்டின் கீழே கூர்மையான வெயில் நிழல் கிடப்பதே போதிய சாட்சி. மழை பெய்யும்போது ஒளி வானமெங்கும் பரவி வருவதால், நிழல் மங்கிக் காலடியில் மட்டும் மெல்லிய இருளாகத் தேங்கும். ஆகவே பழைய நிழலை அழித்து, இந்த மெல்லிய இருளை வைக்கவேண்டும்.

இரண்டாவது, மண். அப்பகுதியின் செம்மண் கோடையில் வெளிறித் தூசியாகப் பறக்கும். நனைந்தால் நிறம் கறுத்து, பள்ளங்களில் நீர் நிற்கும். அந்நீரில் கோட்டின் மஞ்சள் நிறம் தலைகீழாகத் தெரியவேண்டும். பற்றைகளின் இலைகளில் தூசி படிந்திருத்தலும் ஆகாது. பின்னால் வில்லு ஒன்று தெரிந்தால், அதன் வெடித்த தரையை அப்படியே விடக்கூடாது. ஏனெனில் வில்லுகள் மழைநீரால் நிறைந்து கோடையில் வற்றும் ஆழமற்ற நீர்நிலைகள்.

மூன்றாவது, காற்று. ஓகஸ்டில் சோளகம் தென்மேற்கிலிருந்து பலமாக வீசும். சிறுமியின் கூந்தல் ஒரு பக்கம் பறக்க, புதிதாகப் போட்ட கோட்டின் ஓரம் அசையாமல் தொங்கினால், அது ஒட்டவைத்த உடையென்பது புலப்படும். கூந்தலும் கோட்டின் விளிம்பும் ஒரே திசையில் சாயவேண்டும். பக்கத்தில் நடந்து செல்பவர் குடையின்றி, கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்ப்பவராக இருந்தால், அவரையும் மாற்றவோ நீக்கவோ நேரும்.

இத்தனை மாற்றமும் வேண்டாமென்றால் வேறொரு வழி உண்டு. பின்னணியை ஓகஸ்டாகவே விட்டுவிட்டு, உடையை அதற்கு இசைவிக்கலாம். உலர்ந்த கோட்டை மடித்து அவள் கையில் போட்டுவிட்டால், மடிப்பின் மேற்புறம் வெயிலில் மின்ன, கீழ்ப்புறத்தில் செம்மண்ணின் சிவப்புச் சாயல் படியவேண்டும். தரையில் கிடக்கும் நிழலின் வடிவிலும் கோட்டின் பருமன் சேரவேண்டும். இவ்வளவே போதும்.

கம்பளிச் சட்டைக்கும் இதே நியாயம். நண்பகல் வெயிலில் அது பொருந்தாது. சனவரி மாத விடியலில், பனித்துளி படிந்த புல்லும் நீண்ட நிழலும் உள்ள படத்தில், மெல்லிய சட்டையொன்று இயல்பாகத் தோன்றும். நுவரெலியாவுக்கு ஏற்ற தடித்த சட்டையை இக்கரையோரத்தில் காட்டினால் எவரும் நம்பார்.

கணினிக்கு வாக்கியத்தால் ஆணையிடும் மாணவர் “மழைக்கோட்டு அணிவி” என்று மட்டும் எழுதுவதால்தான் தடுமாறுகின்றனர். “மழைக்கோட்டு அணிவி, முகம், நிற்கும் நிலை, வீதி ஆகியவற்றை மாற்றாதே, கூரிய நிழலை நீக்கு, மண்ணை நனை, வானை மேகமூட்டமாக்கு, காற்று இடமிருந்து வலம்” என்று பிரித்துச் சொல்லவேண்டும். பின்பு கைவிரல்கள், கழுத்தோரம், பின்னல் கோட்டுக்குள் புகும் இடம் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். பிழைகள் மிகுதியாக ஒளிந்திருப்பவை இவ்விடங்களே.

ஒன்றை மறவாதீர்கள். குடும்பத்துப் படம் பின்னொரு நாளில் அவ்வாண்டின் வறட்சிக்கும் சாட்சியாகலாம். வற்றிய வில்லை நீரால் நிரப்பிய படத்தைப் பேரப்பிள்ளைகள் மெய்யென்றே கொள்வர். ஆகவே மூலப்படத்தைத் தனியே பேணி, மாற்றிய படத்தின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று குறித்து, எடுத்த நாளையும் எழுதி வையுங்கள்.