இரு செய்திகள், ஒரே பயிற்சி

சென்ற மாதம் எனக்கொரு மொழிபெயர்ப்புப் பணி வந்தது. தில்லியில் இயங்கும் ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனம், சியுஇடி நுழைவுத் தேர்வுக்கான தன் வகுப்பைத் தமிழ்க் குடும்பங்களிடம் கொண்டுசேர்க்க விரும்பியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான இளநிலை இடங்கள் 2022 முதல் இத்தேர்வின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எனவே விளம்பரமும் தமிழில் வேண்டும். இரண்டு கோப்புகள் தந்தார்கள்: ஒன்று பெற்றோருக்கு, மற்றொன்று மாணவருக்கு.

பெற்றோருக்கான கோப்பில் இப்படி இருந்தது: உங்கள் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகும், ஞாயிறுதோறும் அறிக்கை உங்கள் கைப்பேசிக்கு வரும். மாணவருக்கான கோப்பில்: எவருடைய கெடுபிடியும் இல்லை, உன் வேகத்தில், உன் விருப்பப்படி படி. தனித்தனியே பார்த்தால் இரண்டையும் பொய்யென்று நிறுவ இயலாது. வகுப்பை எந்நேரமும் பார்க்கலாம்; ஆகவே விருப்பப்படிதான். பார்த்தது பதிவாகிறது; ஆகவே அறிக்கையும் உண்மைதான். அருகருகே வைத்தால் மட்டுமே, பதினேழு வயது மாணவரிடம் எது மறைக்கப்பட்டது என்பது தெரிகிறது. இரு வாசகரும் தத்தம் செய்திகளை ஒப்பிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மீதே இந்த விற்பனை நிற்கிறது.

இலக்கணமும் இதற்கு உடந்தை. பெற்றோரிடம் ‘நீங்கள்’, மாணவரிடம் ‘நீ’. இதில் குறையில்லை, தமிழ் வழக்கு அதுவே. ஆனால் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். பெற்றோருக்கான செய்தியில் ‘இடம் உறுதியாகட்டும்’ என்று எழுதச் சொன்னார்கள். ‘உறுதி’ என்ற சொல் காதில் விழுகிறது. வினையோ வெறும் வாழ்த்து. வியங்கோளுக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மாணவரிடமோ ‘நீ வெல்வாய்’. வெற்றியின் எழுவாய் மாணவர். ஆகவே தோல்வியின் எழுவாயும் அவரே. நிறுவனம் இரு வாக்கியங்களிலும் எழுவாயாக வருவதில்லை. கட்டணம் பெறும் இடத்தில் மட்டும் ‘நாங்கள்’ தோன்றுகிறது.

சட்டம் இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சித் துறை விளம்பரங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. தேர்ச்சி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்லவேண்டும்; அவரது எழுத்துவழி ஒப்புதலைத் தேர்ச்சிக்குப் பிறகே பெறவேண்டும்; ‘சில இடங்களே உள்ளன’ என்ற போலி அவசரம் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் அவை விளம்பரத்தைத் தனித்தனியே அளக்கின்றன. ஒரே பயிற்சிக்கான இரு செய்திகள் தம்முள் முரணக்கூடாது என்று அவை சொல்வதில்லை.

இந்த இடைவெளியின் விலை என்னவென்று நமக்குத் தெரியாததன்று. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் பைஜூஸ் நிறுவனத் தலைவரை விளக்கமளிக்க அழைத்தது. பெற்றோரைக் கடன் சார்ந்த ஒப்பந்தங்களில் ஈர்த்துச் சிக்கவைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அதன்பின் அந்நிறுவனம், மாத வருமானம் 25,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு இனி விற்கமாட்டோம் என்று அறிவித்தது. அங்கேயும் பாடத்தைச் சுவைப்பவர் பிள்ளை, ஒப்பமிடுபவர் பெற்றோர். இலவச வகுப்பு பிள்ளைக்குத் தெரியும். தவணை அட்டவணை தெரியாது.

இதற்கு மறுப்பொன்று உண்டு. என் ஆய்வு நண்பரே சொன்னார். பள்ளி ஆசிரியரும் பெற்றோரிடம் ஒருவிதமாகவும் மாணவரிடம் வேறுவிதமாகவும் பேசுகிறாரே, கேட்பவருக்கேற்பப் பேசுவது மொழியின் இயல்புதானே என்றார். உண்மை. நானும் தனித்தனிச் செய்திகளை எதிர்க்கவில்லை. பணம் கட்டுபவருக்குக் கட்டண விவரமும், படிப்பவருக்குப் பாட விவரமும் முன்னே நிற்பது நியாயமே. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் பேசும்போது பெரும்பாலும் மாணவர் பக்கத்தில் நிற்கிறார். தன்னைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பதைக் கேட்கிறார். இங்கே அந்த மூன்றாமவர் திட்டமிட்டு வெளியேற்றப்படுகிறார். தொனி மாறலாம், முன்பின் மாறலாம்; கட்டண மொத்தம், பணம் திரும்பப்பெறும் கெடு, யார் யாரைக் கண்காணிப்பார் என்பன இருவருக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

இத்தகைய பணிகளை உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஏற்பவர்கள் நம்மிடையே பலர். ஒரு கோப்பு மட்டும் வந்தால் மற்றதையும் கேட்டு வாங்குங்கள். நான் மாணவருக்கான செய்தியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினேன்: ‘நீ படித்த நேரமும் பெற்ற மதிப்பெண்ணும் ஞாயிறுதோறும் உன் பெற்றோருக்கு அனுப்பப்படும்.’ மறுநாள் பதில் வந்தது. மொழிபெயர்ப்பு மிக நன்று, அந்த வரியை மட்டும் நீக்கிவிடுங்கள், சேர்க்கை குறையும் என்றார்கள். கோப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறொருவர் மொழிபெயர்த்திருப்பார், விளம்பரம் இந்நேரம் வெளிவந்திருக்கும்.